மழைக்காலக் காய்ச்சலுக்கு எந்த மாத்திரை? பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் உடலில் எங்கே வேலை செய்கின்றன

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, முடிச்சூர் பக்கமுள்ள மருந்துக்கடைகளில் மாலை நேரம் கூட்டம் நிற்கும். நிற்பவர்களில் பலர் கேட்பது ஒன்றையே: "அண்ணா, பையனுக்கு நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சல். டோலோ குடுத்தா இறங்க மாட்டேங்குது. கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க."

அந்த 'ஸ்ட்ராங்கான' மருந்து பெரும்பாலும் இப்யூபுரூஃபனாக இருக்கும். அல்லது இப்யூபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்த கலவையாக இருக்கும். இரண்டுமே காய்ச்சலைக் குறைக்கும், வலியைக் குறைக்கும். அதனால் ஒன்று மெதுவான மருந்து, மற்றது வேகமான மருந்து என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையான வேறுபாடு வேகத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. இப்யூபுரூஃபன் மூளையிலும் செய்கிறது. பல், மூட்டு, கருப்பை, வயிறு, சிறுநீரகம், இரத்தத் தட்டணு என்று உடல் முழுவதும் செய்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், எந்த வலிக்கு எது, எந்தக் காய்ச்சலில் எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே விளங்கும். மழைக்காலத்தில் அது உயிர் காக்கும் அறிவு.

வலியும் காய்ச்சலும் உருவாகும் இடம்

உடலில் ஓரிடத்தில் அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ, அங்குள்ள செல்களின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் விடுபடுகிறது. காக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி ஒன்று அதைப் பிடித்து புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்களாக மாற்றுகிறது. இவை அடிபட்ட இடத்தின் இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. அதனால் அந்த இடம் சிவந்து சூடாகிறது. குழாய்களிலிருந்து நீர் கசியவும் துணைபோகின்றன, அதனால் வீங்குகிறது. அங்குள்ள வலி நரம்புகளின் நுனிகளைக் கூர்மையாக்குகின்றன. அதனால் சாதாரணமாகத் தொட்டாலே வலிக்கிறது.

காய்ச்சல் உருவாகும் இடம் வேறு. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் சில செய்திப் பொருள்களை விடுகின்றன. அவை மூளையை எட்டியதும், மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் உள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் மையம். புரோஸ்டாகிளாண்டின் அங்கே போய், உடலின் இலக்கு வெப்பத்தை 98.6 டிகிரியிலிருந்து 102, 103 என்று உயர்த்திவிடுகிறது. உடல் அந்தப் புதிய இலக்கை எட்டுவதற்காகத் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, தசைகளை நடுங்கவைக்கிறது. காய்ச்சல் ஏறும்போது கைகால் சில்லிட்டுக் குளிர் எடுப்பது இதனால்தான்.

ஆக, அடிபட்ட இடத்து வலியும் வீக்கமும் திசுக்களில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டினால் வருகின்றன. காய்ச்சலோ மூளையில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டினால் வருகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தத் தயாரிப்பைத்தான் தடுக்கின்றன என்பதை 1971-இல் லண்டனில் ஜான் வேன் கண்டறிந்தார். அந்த ஆய்வுகளுக்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஒரே நொதி, இரண்டு விதமான தடை

அடுத்த ஆண்டே, 1972-இல், வேனும் அவருடன் பணியாற்றிய ரோடரிக் ஃபிளவரும் ஒரு சோதனை செய்தார்கள். முயலின் மூளையிலிருந்து எடுத்த நொதியின் மீது பாராசிட்டமாலைச் செலுத்தினார்கள். அது நன்றாகத் தடுக்கப்பட்டது. நாயின் மண்ணீரலிலிருந்து எடுத்த நொதியின் மீது செலுத்தினார்கள். அங்கே பாராசிட்டமாலின் தாக்கம் மிகவும் குறைவாக இருந்தது. பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்கிறது, ஆனால் வீக்கத்தை ஏன் குறைப்பதில்லை என்ற கேள்விக்குக் கிடைத்த முதல் விடை அது.

மூளையில் தனியாக மூன்றாவது வகைக் காக்ஸ் நொதி இருக்கிறது, பாராசிட்டமால் அதைத்தான் தாக்குகிறது என்று 2002-இல் ஒரு கருத்து வந்தது. அந்த நொதி நாயில் கண்டறியப்பட்டது. மனித உடலில் அது அப்படி வேலை செய்வதில்லை என்று பிறகு தெரிந்ததால் அந்த விளக்கம் கைவிடப்பட்டது. இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம், நொதி ஒன்றுதான், அது இருக்கும் சூழல்தான் வேறு என்பது.

காக்ஸ் நொதியில் இரண்டு வேலையிடங்கள் உண்டு. ஒன்று, அராக்கிடோனிக் அமிலம் உள்ளே நுழையும் பாதை. மற்றொன்று, நொதியை இயங்கும் நிலையில் வைத்திருக்கும் பகுதி. பெராக்சைடு என்ற பொருள்கள் அதை முடுக்கிவிடுகின்றன. மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். இப்யூபுரூஃபன் அரிசி கொட்டும் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. மோட்டார் எவ்வளவு ஓடினாலும் மாவு வராது. பாராசிட்டமால் மோட்டாரின் சுவிட்சை அணைக்கிறது. ஆனால் சுற்றி நிற்கும் பலர் மறுபடி மறுபடி போட்டுவிட்டால் மில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அந்தப் பலர்தான் பெராக்சைடுகள். அடிபட்டு வீங்கிய திசுவில் வெள்ளணுக்கள் குவிந்து பெராக்சைடுகளை ஏராளமாக வெளியிடுகின்றன. அங்கே பாராசிட்டமால் தோற்றுப்போகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் பெராக்சைடு குறைவு; அங்கே அதே அளவு மருந்து ஜெயிக்கிறது. இப்யூபுரூஃபனுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. அமிலத் தன்மை உடையது என்பதால் வீங்கிய திசுவில் அது கூடுதலாகவே தங்குகிறது. இரத்தத்திலிருந்து அது வடிந்த பிறகும் மூட்டு நீரில் நெடுநேரம் இருக்கும்.

பாராசிட்டமாலுக்கு மூளையில் இன்னொரு வழியும் இருக்கிறது. கல்லீரலில் அதன் ஒரு சிறு பகுதி உருமாறி, மூளைக்குப் போய் அராக்கிடோனிக் அமிலத்துடனே இணைந்து ஏ.எம்.404 என்ற பொருளாகிறது. இது மூளையின் வலி அடக்கும் அமைப்புகளைத் தூண்டுகிறது என்று 2005-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் விலங்குகளில் காட்டினார்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலிச் செய்திகளை அமர்த்தும் நரம்புகளையும் பாராசிட்டமால் ஊக்குவிக்கிறது. மொத்தத்தில், அடிபட்ட இடம் அப்படியே இருக்க, அங்கிருந்து வரும் வலியை உணர்வதை மூளையும் தண்டுவடமும் குறைத்துக்கொள்கின்றன.

பல் பிடுங்கிய கன்னத்தில் தெரியும் வித்தியாசம்

இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம், ஞானப்பல் எடுத்த பிறகு வரும் வலி. வலி மாத்திரைகளை ஒப்பிடும் ஆய்வுகள் பலவும் இந்த வலியை வைத்தே நடத்தப்படுகின்றன. மரத்துப்போகும் ஊசியின் தாக்கம் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். ஈறைக் கீறி எலும்பைச் சிறிது செதுக்கிய இடத்தில் அதற்குள் காக்ஸ் நொதி மும்முரமாக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். கன்னம் வீங்கும், வாய் முழுதாகத் திறக்காது, நாடித்துடிப்போடு சேர்ந்து வலி தெறிக்கும்.

அப்போது 1000 மி.கி. பாராசிட்டமால் எடுத்தால் வலி குறையும். ஆனால் கன்னத்துக்குள் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பு பெரிதாகக் குறையாது. 400 மி.கி. இப்யூபுரூஃபன் எடுத்தால் அந்தத் தயாரிப்பே அடங்கும். இந்த வலிக்கு இப்யூபுரூஃபனே கூடுதல் பலன் தருகிறது என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது. ஒன்று காயத்திலும் மற்றது மூளையிலும் வேலை செய்வதால் பலன் கூடுகிறது. பல் மருத்துவர் இரண்டையும் எழுதிக்கொடுப்பது இதனால்தான்.

மாதவிலக்கு வலியும் அப்படித்தான். கருப்பையின் உட்சுவரே புரோஸ்டாகிளாண்டினைத் தயாரித்து, கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கவைக்கிறது. வலியின் ஊற்று அந்தத் திசுவில் இருப்பதால் இப்யூபுரூஃபன் அங்கே நேரடியாகப் போய் வேலை செய்கிறது. வலி தொடங்கியவுடனே, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பலன் அதிகம். முற்றிய பிறகு எடுத்தால், ஏற்கெனவே உருவாகிவிட்ட புரோஸ்டாகிளாண்டின் கரையும் வரை காத்திருக்க வேண்டும். மருந்து புதிய தயாரிப்பைத்தான் தடுக்கும். சாதாரணத் தலைவலியில் வீங்கிய திசு எதுவும் இல்லை. அதற்குப் பாராசிட்டமால் போதும்.

காய்ச்சலுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது

காய்ச்சல் மூளையில் உருவாவது. ஆகவே மூளையில் மட்டும் நன்றாக வேலை செய்யும் மருந்தே அதற்குப் போதும். இரண்டு மருந்துகளுமே ஹைப்போதலாமஸ் அருகே புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைக் குறைத்து, இலக்கு வெப்பத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. உடல் அப்போது தன்னிடம் இருக்கும் கூடுதல் சூட்டை வியர்த்து வெளியேற்றுகிறது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் சட்டை நனைவது அதனால்தான். இப்யூபுரூஃபனின் தாக்கம் இரண்டொரு மணி நேரம் கூடுதலாக நீடிக்கலாம். 'ஸ்ட்ராங்' என்று தோன்றுவதற்குக் காரணம் இவ்வளவுதான். இரண்டுமே கிருமியைத் தொடுவதில்லை. நோயின் நாள்களைக் குறைப்பதும் இல்லை.

அப்படியானால், காய்ச்சலுக்காக மட்டும் இப்யூபுரூஃபன் எடுக்கும் ஒருவருக்கு அது திசுக்களில் செய்யும் மற்ற வேலைகளால் லாபம் ஒன்றும் இல்லை. அந்த வேலைகள் நடந்துகொண்டேதான் இருக்கும். சில காய்ச்சல்களில் அவை ஆபத்தாகவும் முடியும்.

புரோஸ்டாகிளாண்டின் வலி தருவதற்காக மட்டும் உடலில் இல்லை. வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வழவழப்பான பூச்சு அதனால்தான் நிற்கிறது. உடலில் நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதுவே. தட்டணுக்களில் இதே காக்ஸ் நொதி திராம்பாக்சேன் என்ற பொருளைத் தயாரித்து, இரத்தம் கசியும் இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. இப்யூபுரூஃபன் இந்த மூன்றையும் தடுக்கிறது. ஆரோக்கியமானவர் இரண்டு நாள் எடுத்தால் உடல் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

டெங்குவில் சமாளிக்க முடியாது. அந்த நோயில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரிகிறது. இருக்கிற கொஞ்சத்தையும் இப்யூபுரூஃபன் ஒட்டவிடாமல் செய்கிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிவதால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அதைக் காக்கும் கடைசி ஏற்பாட்டையும் இப்யூபுரூஃபன் மூடுகிறது. வயிற்றுச் சுவரில் புண் ஏற்பட்டு இரத்தம் கசியும் வாய்ப்பும் கூடுகிறது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை வேண்டாம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏன் நம் பகுதியில் இது முதல் கேள்வி

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று நீரில் மூழ்கியதை இப்பகுதியினர் மறக்க மாட்டார்கள். டெங்குக் கொசுவுக்கோ வெள்ளம் தேவையில்லை. மூடாத டிரம்மில் பிடித்து வைத்த லாரித் தண்ணீர், மாடியில் கிடக்கும் பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். மழை விட்டு வெயில் அடிக்கும் இடைவெளிகளில் அது பெருகுகிறது. தேங்கிய மழைநீரில் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். அது சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். முதல் இரண்டு மூன்று நாளில் இந்தக் காய்ச்சல்களையும் சாதாரண வைரஸ் காய்ச்சலையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. எனவே ஐப்பசி முதல் தை வரை, காரணம் தெரியாத காய்ச்சல் ஒவ்வொன்றையும் டெங்குவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு பாராசிட்டமாலோடு நிற்பதே சரியான முறை.

ஒரு வீட்டில் ஆறு நாள்: அளவும் கணக்கும்

பழைய பெருங்களத்தூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பையன், எடை 20 கிலோ. திங்கள் இரவு திடீரென்று 103 டிகிரி காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி. சளி, இருமல் இல்லை.

டெங்கு சந்தேகத்தில் குழந்தைக்குப் பாராசிட்டமாலின் அளவு, ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி.; ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. இந்தப் பையனுக்கு ஒரு வேளைக்கு 200 மி.கி. இனி சிரப் பாட்டிலைப் பார்க்க வேண்டும். பாராசிட்டமால் சிரப்புகள் ஒரே வலிமையில் வருவதில்லை. சிலவற்றில் 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கும், சிலவற்றில் 250 மி.கி. இருக்கும். முதல் வகையில் இவனுக்கு 8 மி.லி. தர வேண்டும், இரண்டாம் வகையில் 4 மி.லி. போதும்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. 125 பாட்டிலிலிருந்து 4 மி.லி. கொடுத்தால் பையனுக்குப் போவது 100 மி.கி. மட்டுமே. காய்ச்சல் இறங்காது, "இந்த மருந்து கேட்கலை" என்று அம்மா மருந்துக்கடைக்குப் போவார். அங்கே கிடைக்கும் கலவை சிரப்பின் 5 மி.லி.யில் 100 மி.கி. இப்யூபுரூஃபனும் 162.5 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கும். காய்ச்சல் இறங்கும், புது மருந்து உயர்ந்தது என்று தோன்றும். உண்மையில் முதல் மருந்தின் அளவுதான் குறைவாக இருந்தது. தவறு மறுபக்கமும் நடக்கலாம். 250 பாட்டிலிலிருந்து 8 மி.லி. கொடுத்தால் ஒரு வேளைக்கு 400 மி.கி. ஆகிவிடும், நான்கு வேளையில் 1600 மி.கி., இரண்டு மடங்கு. ஸ்பூனால் அளக்காமல், பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளப்பது நல்லது.

முதல் வேளைக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் 103 என்பது 101 ஆகிறது. இது போதும். மருந்தின் வேலை பையனைத் தண்ணீர் குடிக்கும் நிலைக்கும் தூங்கும் நிலைக்கும் கொண்டுவருவது, 98.6 வர வேண்டும் என்பதில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பே மறுபடி ஏறினால் மருந்தைக் கூட்டாமல் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை. முதல் ஐந்து நாள்களுக்குள் எடுக்கும் என்.எஸ்.1 பரிசோதனை டெங்குவைக் காட்டிக்கொடுக்கும். கூடவே தட்டணு எண்ணிக்கையும், இரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் ஹெமட்டோகிரிட்டும் பார்ப்பார்கள். என்.எஸ்.1 பாசிட்டிவ் என்று வருகிறது. வீட்டில் கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பையன் சிறுநீர் கழிக்கிறானா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் தானாகவே விட்டுவிடுகிறது. மாத்திரையின் வேலை என்றால் அது ஆறு மணி நேரத்தில் திரும்பி வந்திருக்கும், இது திரும்பவில்லை. எல்லோரும் நிம்மதி அடையும் இந்த நேரம்தான் டெங்குவின் அபாயக் கட்டம். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும்போதே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது உச்சத்துக்குப் போகும். வெள்ளி மாலை பையன் வயிறு வலிக்கிறது என்கிறான், மூன்று முறை வாந்தி எடுக்கிறான், கைகால் சில்லிட்டு சோர்ந்து படுத்திருக்கிறான், மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. இதில் ஒன்று இருந்தாலே உடனே மருத்துவமனை. 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது. ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலும், மலம் கறுத்துப் போனாலும் அப்படியே. நரம்பு வழியாக நீர்ச்சத்து ஏற்றி, ஹெமட்டோகிரிட்டைக் கண்காணித்து அந்த ஒன்றிரண்டு நாளைக் கடக்கவைப்பார்கள். அந்த வேளையில் அவன் தட்டணுக்களும் சிறுநீரகமும் மருந்தின் தடை இல்லாமல் இருப்பது, வீட்டில் அவனுக்குப் பாராசிட்டமால் மட்டுமே கொடுக்கப்பட்டதால் கிடைத்த பலன்.

பாராசிட்டமாலின் எல்லை கல்லீரல்

பாராசிட்டமால் திசுக்களைத் தொந்தரவு செய்வதில்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது. கல்லீரல் அதை உடைக்கும்போது ஒரு சிறு பகுதி நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுட்டாத்தயோன் என்ற பொருள் அதை உடனே முடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாத்தயோன் தீர்ந்துபோகும். அப்போது நச்சு கல்லீரல் செல்களைக் கொல்கிறது. சாப்பாடு இறங்காமல் நாலு நாள் கிடப்பவர்களிடமும் மது அருந்துபவர்களிடமும் இந்தக் கையிருப்பு முன்பே குறைவு. டெங்குவே கல்லீரலை ஓரளவு தாக்கும். அதனால்தான் டெங்கு சந்தேகத்தில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் என்பதே உச்ச வரம்பு. 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு, அது 2.6 கிராம்.

கவனிக்க வேண்டிய பொறி, பாராசிட்டமால் பல பெயர்களில் ஒளிந்திருப்பது. சளி மாத்திரைகள் பலவற்றில் 500 மி.கி. பாராசிட்டமால் உண்டு. மூட்டுவலிக்குத் தரும் அசிக்ளோஃபெனாக் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'பி' என்று இருந்தால் பெரும்பாலும் 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்திருக்கும், அந்த அசிக்ளோஃபெனாக்கும் இப்யூபுரூஃபன் குடும்பத்தைச் சேர்ந்தது. காம்பிஃபிளாம் மாத்திரையில் 400 மி.கி. இப்யூபுரூஃபனும் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கின்றன. காய்ச்சலுக்கு டோலோ, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்று மாத்திரை போடுபவர், தெரியாமலே பாராசிட்டமாலை மூன்று முறை விழுங்கிக்கொண்டிருப்பார்.

இப்யூபுரூஃபனுக்கு உரிய நேரம்

டெங்கு இல்லை என்று உறுதியான பிறகு, வலியின் ஊற்று திசுவில் இருந்தால், இப்யூபுரூஃபன் நல்ல மருந்து. சிக்குன்குனியா போன பிறகு விரல்களும் கணுக்கால்களும் வாரக்கணக்கில் வீங்கி இறுகிக் கிடக்கும். பாராசிட்டமால் அங்கே ஓரளவுக்கு மேல் உதவாது. வீக்கம் மூட்டுக்குள் இருக்கிறது. அதே கொசு டெங்குவையும் பரப்புவதால், காய்ச்சல் இருக்கும் முதல் நாள்களில் மூட்டு எவ்வளவு வலித்தாலும் பாராசிட்டமால் மட்டுமே. காய்ச்சல் முழுவதும் விட்டு, பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்து, மருத்துவரும் சொன்ன பிறகு இப்யூபுரூஃபனுக்கு மாறலாம்.

பெரியவர்களுக்கு 400 மி.கி., சாப்பாட்டுக்குப் பிறகு, நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் போகாமல், சில நாள்கள் மட்டும் என்பது மருத்துவர் எழுதித் தராமல் எடுப்பதற்கான எல்லை. வயிற்றுப் புண் இருந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், இதயம் பலவீனமானவர்கள், இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை எடுப்பவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வலி மாத்திரையால் மூச்சிரைப்பு கூடும் ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அதை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இவர்களில் பெரும்பாலோருக்கு வயிறோ சிறுநீரகமோ தட்டணுவோ முன்பே ஒரு சிக்கலில் இருக்கிறது. இப்யூபுரூஃபன் போய்த் தடுப்பதும் அங்கேதான்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும்போது அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துகளின் பெயரையும் மி.கி. அளவையும் படியுங்கள். மழைக்காலக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் என்ற ஒரே பெயர் மட்டும் அங்கே இருக்க வேண்டும். வீட்டில் ஒரு தாளில், எந்த மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு, அப்போது காய்ச்சல் எத்தனை டிகிரி, கடைசியாகச் சிறுநீர் போன நேரம் எது என்று எழுதிவாருங்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். யாராவது நல்லெண்ணத்தில் இப்யூபுரூஃபனோ கலவை மாத்திரையோ கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தக்கசிவையும் சிறுநீரகத்தையும் எவ்வளவு நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும் என்பதை மருத்துவர் அந்த ஒரு தகவலை வைத்தே முடிவு செய்வார்.